மறு: அச்சின் உச்சியில் நிற்கும் 1e4-க்குத் தமிழில் என்ன பெயர்?

பண்டாரவளையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். Matplotlib வரைபுக் கையேட்டைத் தமிழாக்கும்போது ஒரு சொல்லிடம் மூன்று நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன். நிலைக்குத்து அச்சின் உச்சியில், சட்டத்துக்கு வெளியே, சின்னதாக `1e4` என்று ஒன்று வருமே, அதற்கு ஒரு பெயர் வேண்டும். அதை வரவைப்பது முதல் வரி, எடுத்துப் பார்ப்பது இரண்டாவது வரி:

```python
ax.ticklabel_format(axis='y', style='sci', scilimits=(0, 0))
ax.yaxis.get_offset_text()
```

இப்போதைக்கு "அச்சுப் பெருக்கி" என்று போட்டிருக்கிறேன்.

இது ஏன் முக்கியம் என்றால், போன வாரம் உயர்தரம் படிக்கிற பிள்ளையொருவர் தன் செயற்றிட்டத்தைக் காட்ட வந்தார். ஒரு தொழிற்சாலையின் மாதாந்தத் தேயிலைத் தூள் கணக்கு. 42,500 கிலோ வந்த மாதத்துக்கு அச்சில் 4.25 என்று இருந்தது, பக்கத்தில் "தூள் (kg)". உச்சியிலிருந்த `1e4` படத்தை வெட்டி ஒட்டும்போது போய்விட்டது. கூட வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நாலே கால் கிலோவா? நான் ஒரு நாளைக்கு எடுக்கிற கொழுந்துக்கே அது வந்துருமே" என்றார். 18 கிலோ பச்சைக் கொழுந்து வாடி அரைபட்டுக் காய்ந்தால் தூள் நாலு கிலோ அளவில்தான் தேறும். பிழையைக் கண்டுபிடித்தது நானல்ல, அவர்தான்.

தலவாக்கலையிலிருந்து

தம்பி, எங்கள் ஒப்பீசில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஏட்டின் தலைப்பில் "ரூ. '000" என்று போட்டுவிட்டால் கீழே 850 என்றிருப்பது எட்டரை லட்சம். தூளுக்கும் அப்படியே, "'000 kg". முப்பது வருசமாக யாரும் குழம்பியதில்லை. நீங்கள் கேட்பது, கமாவை ஆயிரத்துக்கு ஒரு தரம் போடுவதா, லட்சக் கணக்கில் போடுவதா என்பதுதானே? ஆயிரத்துக்கே போடுங்கள். வங்கியில் அதுதான் செல்லும்.

பேராதனையிலிருந்து

ஐயா, அவர் கேட்டது கமாவைப் பற்றி அல்ல.

என் கருத்து, பெயரே வேண்டாம். பத்தின் வலுவை அச்சில் விடாமல் அலகின் முன்னொட்டுக்குள் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. வோற்று ஆயிரமானால் kW, மில்லியனானால் MW. தூளுக்கும் அதேபோல, ஒரு மில்லியன் கிலோ வந்தால் Mkg.

ஹட்டனிலிருந்து

பேராதனைத் தம்பி பாதி வழி சரியாக வந்து கடைசி வளைவில் வழுக்கிவிட்டார். முன்னொட்டுக்கு மேல் முன்னொட்டு ஏறாது. kg-இல் ஏற்கெனவே k இருக்கிறது. அடிப்படை அலகுகளுக்குள் முன்னொட்டோடு பிறந்தது அது ஒன்றுதான். ஆகவே திணிவுக்கு முன்னொட்டை g-க்கு முன்னால்தான் வைக்க வேண்டும். மில்லியன் கிலோ என்பது Gg. ஆயிரம் கிலோ Mg, ஆனால் அதை எழுதிப் பாருங்கள், பத்துப் பேரில் ஒன்பது பேர் மில்லிகிராம் என்று வாசித்துவிட்டு மருந்துக் கணக்கா என்பார்கள். இந்தத் தூளுக்கு மெற்றிக் தொன், t, போதும். 42.5 t. வசனத்தில் வரும்போது "மில்லியன் கிலோ" என்று சொல்லாகவே எழுதலாம், அதில் பிழையில்லை.

பெரிய குழி தலவாக்கலை ஐயா சொன்ன இடத்தில் இருக்கிறது. கணக்கேட்டில் "'000" என்றால் கீழே உள்ள எண்ணை ஆயிரத்தால் பெருக்கு என்று எல்லோருக்கும் பழக்கம். விஞ்ஞான அட்டவணையில் அந்தப் பழக்கம் உறுதியில்லை. பிள்ளைகள் "தூள் × 10⁴ (kg)" என்று எழுதுகிறார்கள். எழுதியபடியே வாசித்தால், தூளை 10⁴ ஆல் பெருக்கி வந்ததுதான் 4.25. அப்படியானால் தூள் 0.000425 kg, அரைக் கிராம்கூட இல்லை. மற்றவர் அதே தலைப்பை "4.25-ஐ 10⁴ ஆல் பெருக்கு" என்று வாசித்து 42,500 என்பார். இரண்டுக்கும் நடுவில் பத்துக் கோடி மடங்கு. தூளில் இதை அம்மா பிடித்துவிட்டார். மின்கடத்துதிறனிலோ விரிவுக் குணகத்திலோ வந்தால் யார் பிடிப்பது?

நான் வகுப்பில் சொல்வது இதுதான். ஓர் அளவு என்பது எண் தர அலகு. அச்சில் நிற்பது வெறும் எண். ஆகவே எண் = அளவு ÷ அலகு, தலைப்பு "தூள் / 10⁴ kg". அச்சில் 4.25 என்றால், தூளை 10⁴ kg ஆல் வகுக்க 4.25. திருப்பினால் 42,500 kg, வேறு வாசிப்பே இல்லை. அட்டவணைத் தலைப்புக்கும் இதுவேதான். பத்தின் வலு அலகோடு ஒட்டி நிற்க வேண்டும், அளவின் பெயரோடு ஒட்டக்கூடாது.

"அச்சுப் பெருக்கி" எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குப் பெருக்கி என்றால் ஒலியைக் கூட்டுகிற கருவி. நமக்கு அது விரியலாக்கி, ஆகவே சிக்கல் இல்லை.

நுவரெலியாவிலிருந்து

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அச்சின் உச்சியில் பெருக்கவே இல்லை.

வீட்டுக் கூரையில் வளிமண்டல அமுக்கமானி வைத்திருக்கிறேன். இந்த உயரத்தில் ஏறத்தாழ 81 kPa. ஒரு காலைப் பொழுதின் வாசிப்புகள் 81,012-இலிருந்து 81,016 Pa வரை. வரைபில் அச்சு 2, 3, 4, 5, 6 என்று ஏறுகிறது, உச்சியில் `+8.101e4`. முதலில் அந்தக் கூட்டல் குறியைக் கவனிக்காமல் பெருக்கிப் பார்த்தேன், கடலடியில் இருப்பதுபோல் அமுக்கம் வந்தது! அது கூட்ட வேண்டிய எண். இதையும் "பெருக்கி" என்பீர்களா?

பண்டாரவளையிலிருந்து

இல்லை, முடியாது. என் சொல் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் பெருக்குவதும் வரும், கூட்டுவதும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். இடத்துக்கு ஒரு பெயரும் செயலுக்கு இரண்டு பெயரும் வேண்டும். இடத்துக்கு "அச்சோர எண்" என்று வைக்கலாமா? செயலுக்குப் "பெருக்கெண்", "கூட்டெண்".

நுவரெலியா அண்ணா, கூட்டெண் வேண்டாமென்றால் ஒரே வரி:

```python
ax.ticklabel_format(axis='y', useOffset=False)
```

பேராதனையிலிருந்து

Mkg-ஐ வாபஸ் வாங்குகிறேன். அச்சோர எண் நல்ல சொல். ஆனால் கூட்டெண் என்றதும் எனக்கு எண்சோதிடக்காரர்தான் ஞாபகம் வருகிறார், பிறந்த திகதியைக் கூட்டிச் சொல்வாரே, அவர். "அடியெண்" என்றால்?

ஹட்டனிலிருந்து

அடி என்பது வலுவுக்குக் கீழே நிற்பது. 10⁴ இல் 10 தான் அடி. அதே அச்சின் உச்சியில் அந்தப் பத்தும் நிற்கும்போது இன்னொன்றையும் அடியெண் என்றால் பிள்ளைகள் என்னைத்தான் பிடிப்பார்கள். வேறு சொல் கிடைக்கும்வரை கூட்டெண் இருக்கட்டும், சோதிடர் கோபிக்க மாட்டார்.

தலவாக்கலையிலிருந்து

டீச்சர், நீங்கள் சொன்னபடி போன மாதத் தாளில் "தூள் / 10³ kg" என்று ஒரு தலைப்பைப் போட்டு டீமேக்கரிடம் காட்டினேன். "தூள் அல்லது ஆயிரம் கிலோவா, எதைச் சொல்றீங்க?" என்று கேட்டார். நமக்கு அந்தச் சாய்கோடு 'அல்லது' தானே. அடைப்புக்குறிக்குள் "(10³ kg)" என்று போட்டால் பரவாயில்லையா?

ஹட்டனிலிருந்து

தொழிற்சாலைத் தாளுக்குத் தாராளமாகப் போடுங்கள், வலு அடைப்புக்குள் அலகோடுதான் இருக்கிறது. இன்னும் நல்லது "தூள் (t)". எண்ணும் அதேதான், வலுவே வேண்டாம். கையேட்டில் எதை வைப்பது என்பதைப் பண்டாரவளைத் தம்பி சொல்லட்டும். நான் சாய்கோட்டுப் பக்கம்.

பண்டாரவளையிலிருந்து

நான் இன்னும் எந்தப் பக்கமும் இல்லை, டீச்சர். "அச்சோர எண்" மட்டும் இன்றிரவு கோப்பில் ஏறுகிறது.