வேட்டி நுனியால் துடைத்த பச்சை முனை

காட்பாடி உறுப்பினர்:
ஆயுத பூசைக்காக வீட்டை ஒழித்தபோது, பீரோவுக்குப் பின்னால் இருந்த ஃபைபர் மோடத்தின் பச்சை கனெக்டரைக் கழற்றி, வாயால் ஊதி, வேட்டி நுனியால் துடைத்து மீண்டும் செருகினேன். அன்று மாலையிலிருந்து 100 எம்பி திட்டத்தில் 6 எம்பிகூட வரவில்லை. ஆனால் மோடத்தின் சிவப்பு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், வந்துசேரும் ஒளியின் அளவைச் சொல்லும் Rx Power முன்பு -20 dBm அளவில் இருந்தது, இப்போது -27.6 என்று காட்டியது. மூன்றாம் நாள் வந்த பணியாளர் அந்த முனையைக் கையடக்க நுண்ணோக்கியில் காட்டினார். ஒளி வரும் புள்ளியின் மேலேயே எண்ணெய்ப் படலமும், அதில் ஒட்டிய ஒரு நூலிழையும் கிடந்தன. அந்தப் படம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

சத்துவாச்சாரி உறுப்பினர்:
சிவப்பு விளக்கு எரியாத வரை ஃபைபரில் குறை இல்லை. பீரோவை நகர்த்தியபோது வயர் மடங்கியிருக்கும், அதுவே காரணம்.

ஆற்காடு உறுப்பினர்:
எங்கள் வீட்டிலும் மாடி அறையில் வேகம் வராது. வைஃபை கருவியை மாற்றினோம், சரியாகிவிட்டது.

குடியாத்தம் உறுப்பினர், ஃபைபர் ஒட்டும் பணியில் இருப்பவர்:
ஆற்காடு நண்பர் சொல்வது வேறு கதை. இங்கே Rx எண்ணே இறங்கியிருக்கிறது. சத்துவாச்சாரி நண்பர் சொன்னதில் பாதி சரி. சிவப்பு விளக்கு, ஒளி ஏறக்குறைய வராமலே போன பிறகுதான் எரியும். பெரும்பாலான வீட்டு மோடங்கள் -27, -28 வரை தாக்குப்பிடிக்கும். அந்த விளிம்பில் இணைப்பு அறுவதில்லை, ஆனால் பிழைகள் பெருகி, தொலைந்த தரவை மீண்டும் மீண்டும் அனுப்ப நேர்வதால் வேகம் சரிகிறது. மூன்று டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும் என்பதை வைத்து, ஏழரை டெசிபல் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். மடிப்பா அழுக்கா என்று அறிய, எண்ணைப் பார்த்துக்கொண்டே வயரை நிமிர்த்துங்கள்; மடிப்பாக இருந்தால் எண் உடனே ஏறும். ஏறாவிட்டால் பஞ்சு உதிராத துடைப்பானில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் ஒரு முறை இழுத்து, பிறகு உலர்ந்த பகுதியால் இன்னொரு முறை இழுங்கள். மோடத்தின் துளைக்குள் இருக்கும் முனையிலும் அழுக்கு ஒட்டியிருக்கும், அதற்குப் பேனா வடிவத் துடைப்பான் வேண்டும். நீல முனையைப் பச்சைத் துளையில் செருகாதீர்கள். பச்சை முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது, இரண்டும் பொருந்தாது. முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது.

காட்பாடி உறுப்பினர்:
எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தன. வயரை நிமிர்த்தியதும் எண் -26.1 ஆயிற்று, இரு பக்கமும் துடைத்தபின் -20.4. வேகம் 96 எம்பி வருகிறது. ஆனாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் 40க்கு இறங்குகிறது, அப்போதும் எண் அப்படியே -20.4 தான் இருக்கிறது.

சத்துவாச்சாரி உறுப்பினர்:
மடிப்பும் இருந்ததா இல்லையா? அதைத்தானே நான் சொன்னேன்.