ரோஆஸ் 4 காட்டுகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. எங்கே போகிறது?

பெட்ஷீட்_ஈரோடு
வணக்கம். சென்னிமலையில் நெசவாளர்களிடம் டபுள் காட் பெட்ஷீட் செட் எடுத்து சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். விலை 999, ஷிப்பிங் இலவசம், எனக்கு அடக்க விலை 520. போன மாதம் இன்ஸ்டா, பேஸ்புக் விளம்பரத்துக்கு 60,000 போட்டேன், 240 ஆர்டர் வந்தது, விளம்பர மேனேஜரில் `Purchase ROAS` 4.00 என்று நிற்கிறது, அதாவது விளம்பரத்துக்குப் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலு ரூபாய் விற்பனை. செட்டுக்கு 479 லாபம், விளம்பரத்துக்கு ஆர்டருக்கு 250 போனாலும் 229 மிஞ்ச வேண்டும், ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும் இல்லையா? பேங்கில் பார்த்தால் முந்தின மாதத்தைவிடக் குறைவாக இருக்கிறது. விளம்பரம் பார்க்கிற பையன் “4 நல்ல நம்பர், பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கலாம்” என்கிறான். ஆக்கலாமா?

ரீல்ஸ்_தம்பி
4-ஆ? எனக்கு 1.8 தாண்டவே மாட்டேங்குது அண்ணா. என்ன வயசு, எந்த ஊர் டார்கெட் பண்றீங்க, வீடியோவா போட்டோவா?

பெட்ஷீட்_ஈரோடு
தம்பி, அதைத் தனியாகச் சொல்கிறேன். இப்போது பிரச்சினை வேறு.

டிஷர்ட்_திருப்பூர்
பயப்படாதீங்க. 999-க்கு 479 என்றால் மார்ஜின் 48 சதவீதம். 1-ஐ 0.48-ஆல் வகுத்தால் 2.1 வரும். ரோஆஸ் அதற்கு மேலே போனால் லாபம்தான், நீங்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கில் இருக்கிறீர்கள். காசு கூரியர்காரனிடம் இருக்கும். டெலிவரியில் வாங்குகிற பணத்தை அவன் அன்றைக்கே தருவதில்லை, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் மொத்தமாகப் போடுவான். காத்திருங்கள், வந்துவிடும்.

பார்சல்_கணக்கு
ஃபார்முலா சரி, உள்ளே போட்ட 48 தான் தப்பு. பெட்ஷீட் அண்ணா, இவற்றைச் சொல்லுங்கள்: 240-ல் எத்தனை சிஓடி, எத்தனை பார்சல் வாங்காமல் திரும்பி வந்தது, கூரியர் போகும்போது எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, 999-க்குள் ஜிஎஸ்டி சேர்த்தியா?

பெட்ஷீட்_ஈரோடு
170 சிஓடி. 60 திரும்பி வந்தது, அதில் கிட்டத்தட்ட எல்லாமே சிஓடிதான். போக 95, திரும்ப 85, கவர், அட்டை, டேப் எல்லாம் 20. சிஓடி கட்டணம், கேட்வே கமிஷன் இரண்டையும் சராசரி பார்த்தால் டெலிவரி ஆன ஆர்டருக்கு 35 வரும். 5 சதவீத ஜிஎஸ்டி 999-க்குள்ளேயே இருக்கிறது.

பார்சல்_கணக்கு
அப்படியானால் ஒரே ஒரு பார்சலை எடுத்துப் பார்க்கலாம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பார்சல். 999-ல் வரி போனால் 951. அடக்கம் 520, கூரியர் 95, பேக்கிங் 20, கட்டணம் 35 கழித்தால் 281. விளம்பரம் 250. மிச்சம் 31 ரூபாய். எல்லாம் ஒழுங்காக நடந்த ஆர்டரிலேயே உங்கள் லாபம் அவ்வளவுதான், 229 இல்லை.

இப்போது திரும்பி வந்த பார்சல். அதற்கும் விளம்பரத்துக்கு 250 போய்விட்டது. போக 95, வர 85, பேக்கிங் 20. மொத்தம் 450 நஷ்டம், சரக்கு அழுக்காகாமல் வந்திருந்தால். ஒரு ரிட்டர்னை ஈடுகட்டப் பதினான்கு, பதினைந்து நல்ல டெலிவரி வேண்டும். உங்களுக்கோ மூன்று டெலிவரிக்கு ஒரு ரிட்டர்ன். 180 டெலிவரியில் வந்தது சுமார் 5,650, 60 ரிட்டர்னில் போனது 27,000. போன மாதம் ஏறக்குறைய 21,000 நஷ்டம்.

விளம்பர மேனேஜர் பொய் சொல்லவில்லை. ஆர்டர் பட்டனை அழுத்திய நிமிடமே 999 என்று எழுதிக்கொள்ளும். அந்த மனிதர் பத்து நாள் கழித்துக் கதவைத் திறக்காமல் இருந்தால் அதற்குத் தெரியாது. விளம்பரத்துக்கு முன்னால் உங்களிடம் மிஞ்சியது 38,650 சொச்சம், அதாவது அது காட்டுகிற 2,40,000-ல் 16 சதவீதம். உங்களுக்குத் தலை தப்ப வேண்டிய ரோஆஸ் 2.1 அல்ல, 6.2.

டிஷர்ட்_திருப்பூர்
சரி, ரிட்டர்னை நான் யோசிக்கவில்லை. ஆனால் கூரியர் பாக்கியும் இருக்கத்தானே செய்யும்?

பார்சல்_கணக்கு
இருக்கும். அதனால்தான் பேங்க் பேலன்ஸை வைத்து லாபம் நஷ்டம் பார்க்கக் கூடாது என்கிறேன். போன மாத ஆர்டர் நம்பர்களை மட்டும் ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றும் டெலிவரி அல்லது ரிட்டர்ன் என்று முடிந்த பிறகு கூட்டுங்கள். பாக்கி வர வர இடைவெளி குறையும், ஆனால் இந்த 21,000 அதில் வராது.

டிஷர்ட்_திருப்பூர்
அப்போ சிஓடியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

நைட்டி_அக்கா
நான் நிறுத்திப் பார்த்தேன் தம்பி. ரிட்டர்ன் நின்றது, ஆர்டரும் பாதியாகிவிட்டது. விளம்பரச் செலவு அதேதான், அதனால் ஒரு ஆர்டருக்கு ஆகிற செலவு இரண்டு மடங்கு ஆச்சு. அப்புறம் சிஓடிக்கு 100 ரூபாய் முன்பணம் வைத்தேன், மீதி வீட்டில் கொடுத்தால் போதும். அந்த நூறு கட்டியவர்கள் பெரும்பாலும் பார்சலை வாங்கிவிடுகிறார்கள். எனக்கு மார்ஜின் உங்களைவிட அதிகம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல்_கணக்கு
அக்கா சொல்வதைச் செய்யலாம், ஆனால் அது மட்டும் போதாது. ஆர்டர் குறையாமலே ரிட்டர்ன் பத்து சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வைத்தால்கூட, 216 டெலிவரி, 24 ரிட்டர்ன், இன்னும் 4,000 நஷ்டம்தான். 31 ரூபாயை வைத்துக்கொண்டு எதையும் தாங்க முடியாது. ஒற்றை செட்டை 999-க்கு ஷிப்பிங் இலவசமாக விற்பதுதான் அடிப்படைச் சிக்கல்.

இரண்டு செட் 1,849 என்று போட்டுப் பாருங்கள். வரி போக 1,761, சரக்கு 1,040. கூரியர் 150, பேக்கிங் 25, கட்டணம் 50 என்று வைத்தால் 496 மிஞ்சும். அதே 250-க்கு ஆர்டர் வந்தால் டெலிவரிக்கு 246 நிற்கும், கால்வாசி ரிட்டர்ன் ஆனாலும் சராசரியில் ஆர்டருக்கு நாற்பது சொச்சம் லாபம். ஆனால் விலை கூடினதால் ஆர்டர் கிடைக்கிற செலவு 300-ஐத் தொட்டுவிட்டால் அந்த லாபமும் போய்விடும். மூன்று கிலோவுக்கு உங்கள் கூரியர் ரேட் என்ன என்று முதலில் கேளுங்கள், 150 என் ஊகம்.

பட்ஜெட்டை இரண்டு மடங்காக்குவதை இப்போது மறந்துவிடுங்கள். 4 என்பது சராசரி. முதலில் பிடிபடுகிறவர்கள் சுலபமாக வாங்குகிறவர்கள், கூடுதலாகப் போடுகிற 60,000-க்கு 3 கிடைத்தாலே பெரிது. நஷ்டமும் அதற்கேற்ற மாதிரி கூடும்.

ஆடிட்டர்_ஆபீஸ்
இடையில் ஒன்று. விளம்பர பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும், 60,000-க்கு 10,800. விளம்பர அக்கவுண்டில் உங்கள் ஜிஎஸ்டி நம்பர் போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் அந்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் கிடைக்காது, நஷ்டம் 32,000 பக்கம். போட்டிருந்தாலும் நீங்கள் வசூலிப்பது 5 சதவீதம் என்பதால் அந்தக் கிரெடிட் முழுக்கக் கழியாமல் தேங்கி நிற்கும்.

பெட்ஷீட்_ஈரோடு
நம்பர் போட்டிருக்கிறேன். தேங்குகிறதைத் திரும்பக் கேட்க முடியாதா?

ஆடிட்டர்_ஆபீஸ்
விளம்பரம் சேவைக் கணக்கில் வருவதால் அவ்வளவு எளிதில்லை. உங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல்களைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

பெட்ஷீட்_ஈரோடு
சரிங்க. இந்த வாரம் பட்ஜெட்டைப் பாதியாக்கி, நூறு ரூபாய் முன்பணத்தையும் இரண்டு செட் காம்போவையும் போடுகிறேன். ரிட்டர்ன் லிஸ்ட்டைப் பிரித்துப் பார்த்தேன், 60-ல் 38 தமிழ்நாட்டுக்கு வெளியே போனது. வெளி மாநிலத்துக்கு மட்டும் சிஓடியை மூடலாமா?

நைட்டி_அக்கா
மொத்த ஆர்டரில் வெளி மாநிலம் எத்தனை என்று முதலில் பாருங்கள் தம்பி. 240-ல் 150 அங்கேதான் போயிருந்தால் 38 பெரிய விஷயமே இல்லை.

ரீல்ஸ்_தம்பி
அண்ணா, அந்த டார்கெட்டிங் மட்டும்...