புதுப்பிப்பு: காட்பாடி வீட்டிலிருந்தே வாரம் இரண்டு நாள் வேலை

நான் கேட்டிருந்தது: "சென்னை ஆபீஸுக்கு அஞ்சு நாளும் வரணும்னு ஆஃபர். அம்மாவை விட்டு வேலூரை விட்டுப் போக முடியாது. எப்படிப் பேசுறது?"

கையெழுத்துக்கு முன்பே, ஹெச்ஆரிடம் போகாமல் மேனேஜரிடம் பேசச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. சேர்ந்த பிறகு கேட்கச் சொன்ன தம்பி, அதற்குள் நான் சென்னையில் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்திருப்பேனே!

வீட்டிலிருந்து வேலை செய்ய வாரம் மூன்று நாள் கேட்டேன். ரிலீஸ் வாரத்தில் அஞ்சு நாளும் ரயிலேறி வருகிறேன் என்றேன். திங்கள், வெள்ளி வீட்டிலிருந்து என்று மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆஃபர் லெட்டரில் "பணியிடம்: சென்னை" மட்டும்தான் இருந்தது. "நாம் பேசியபடி இந்த இரண்டு நாளையும் சேர்த்துத் தாருங்கள்" என்று மெயில் போட்டதும் திருத்தி அனுப்பினார்கள். "நிர்வாகம் மாற்றலாம்" என்ற வரியை எடுக்கவில்லை.

இதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்ன அக்காவுக்கு: என்னிடம் அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.