புதுப்பிப்பு: அம்மா முகம் பார்க்காத 8 மாதக் குழந்தை

முன்பு கேட்டது: "அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு. 8 மாதக் குழந்தை அவள் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காது கேட்கலையா, ஆட்டிசமா?"

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. காது பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. ஆட்டிசம் பற்றி இப்போதே முடிவு சொல்ல முடியாதாம், 18 மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள்.

செவிலியர் ஒருவர் இங்கே சொன்ன எடின்பரோ என்ற மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளில் அக்காவுக்கு 30க்கு 17 வந்தது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய 10-ஆவது கேள்விக்கு பூஜ்யம். மருத்துவர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினார். "தாய்ப்பாலை நிறுத்துங்க" என்றவர் சொன்னது பாதி சரி: மருந்து பாலில் கலக்கும், ஆனால் மிகக் குறைவு, நிறுத்தச் சொல்லவில்லை. இரவு ஒரு வேளைப் பாலை மாமா புட்டியில் கொடுப்பதால் அக்காவுக்குத் தொடர்ந்து 5 மணி நேரத் தூக்கம்.

எதிர்பாராதது இதுதான். 6 வாரத்தில் அக்கா தேறினாள், குழந்தை மாறவில்லை. ஆலோசகர் 5 நிமிட விளையாட்டை வீடியோ எடுத்து அவளுக்கே போட்டுக் காட்டினார். அதில் குழந்தை முகத்தைத் திருப்பியதும் அக்கா பதறி, கன்னத்தைத் தட்டி, முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோகிறாள். அது இன்னும் விலகுகிறது. இப்போது பின்னால் சாய்ந்து காத்திருக்கிறாள். அதுவாகத் திரும்பி "ங்கா" என்றால் அதே ஒலியைத் திருப்பிச் சொல்கிறாள். இப்படிச் செய்யத் தொடங்கிய மூன்றாவது வாரம் சிரிப்பு வந்தது. சாயங்காலத்தில் மட்டும் இன்னும் முகம் திருப்புகிறது. களைப்பா, வேறெதுவுமா, தெரியவில்லை.