புதுப்பிப்பு: முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி

முன்பு இங்கே நான் கேட்டது: "ஓடினால் முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் வலி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஓடலாமா?"

உதவியவர்களுக்கு நன்றி. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்தான், அதாவது திரும்பத் திரும்ப அதிர்ந்ததில் எலும்பில் விழுந்த மெல்லிய கீறல். ஒரு விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுருக்கென்று வலிக்கிறதா பார், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும் என்று பிசியோ அக்கா எழுதியதுதான் சரி, எம்ஆர்ஐயில் தெரிந்துவிட்டது. ஷூவை மாற்றினால் போதும் என்ற அண்ணன் சொன்னது பாதி சரி: அடிப்பாகம் நன்றாக இருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி உள்நுரை அமுங்கிப்போயிருந்தது. ஆனால் வாரம் 20 கிலோமீட்டரிலிருந்து மூன்றே வாரத்தில் 45க்குப் போனேன், அதுவும் கொழிஞ்சாம்பாறையில் வயல் பாதையை விட்டுவிட்டு கான்கிரீட் ரோட்டில். குதிகால் வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னவருக்கு: அது வேறு, அண்ணா.

எதிர்பாராதது, மூச்சு வாங்காமல் ஓட முடிந்த நான்காவது வாரத்தில்தான் வலி வந்தது. எலும்பு முதலில் பழையதை அரித்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுமாம், இடைப்பட்ட வாரங்களில் பலம் குறைவு, நான் அப்போதுதான் தூரத்தைக் கூட்டியிருக்கிறேன். எட்டு வாரம் ஓட்டமில்லை. அப்புறம் வலியில்லாமல் அரைமணி நடந்த பிறகே ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. ஷூ, கூட்டிய தூரம், கான்கிரீட் ரோடு, இந்த மூன்றில் எது முக்கியக் காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை.