மூன்று நொடி டீ எங்கே போனது? ஸ்லோ மோஷன், டைம்லாப்ஸ் அனுபவங்கள்

குன்னூர்க்காரன்

போன வாரம் பெட்ஃபோர்டு பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் டீக்கடையில் நடந்தது. மாஸ்டர் கையைத் தலைக்கு மேலே தூக்கி டீ ஆற்றும்போது யாருக்கும் போனை எடுக்கத் தோன்றும். 240 ஃப்ரேமில் ஸ்லோ மோஷன் வைத்து எடுத்தேன். கேலரியில் பார்த்தால் அருமை. மேல் டம்ளரிலிருந்து டீ ஒரு கயிறு மாதிரி இறங்கி, நடுவில் முறுக்கிக்கொண்டு, கீழே விழுந்து நுரை கிளம்புவது வரை தெரிகிறது.

வீட்டுக்கு வந்து கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து யூடியூபில் போட்டேன். மூன்றே நொடி, அதுவும் சாதாரண வேகம். மாஸ்டர் டீ ஆற்றினார், முடிந்தது. 'நல்லாருக்கு, ஆனா இதுல என்ன விசேஷம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது. என் போன் வீடியோவை மெதுவாக்கவே இல்லை. நொடிக்கு 240 படம் எடுத்து வைத்துவிட்டு, மெதுவாக ஓட்டச் சொல்லி ஒரு குறிப்பை மட்டும் கூடச் சேர்த்திருக்கிறது. அந்தக் குறிப்பு போனின் சொந்த கேலரிக்குத்தான் புரியும். யூடியூப் நொடிக்கு 60 படத்துக்கு மேல் ஓட்டாது. அதனால் நான்கில் மூன்று படத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை நேர் வேகத்தில் ஓட்டிவிட்டது. கோப்பின் நீளத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: மெதுவாக்கிய கோப்பு என்றால் 24 நொடி இருக்க வேண்டும், இது 3 நொடி. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

கோத்தகிரி மேரி

என் போனில் இந்தப் பிரச்சினையே வந்ததில்லை தம்பி. எடுக்கும்போதே மெதுவாக்கித்தான் சேமிக்கிறது, வாட்ஸப்பில் போட்டாலும் மெதுவாகத்தான் ஓடும். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எக்ஸ்போர்ட் பண்ணும்போது எப்போதும் 60 வைத்துவிட வேண்டும். 30 வைத்தால் வெட்டி வெட்டி வரும்.

வெலிங்டன் ஸ்டுடியோ

பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். மேரி அக்கா சொல்வது பாதி சரி. 240-இல் எடுத்ததை எட்டு மடங்கு மெதுவாக்கினால் நொடிக்குக் கையில் இருப்பதே 30 படம்தான். அதை 60-இல் எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை வரும், அவ்வளவுதான். கெடுதல் இல்லை, லாபமும் இல்லை. 60-இன் வழுவழுப்பு வேண்டும் என்றால் நான்கு மடங்கோடு நிறுத்த வேண்டும். அப்போது மூன்று நொடி டீ 12 நொடியாகும், ஒரு படம்கூடத் திரும்ப வராது.

வெட்டி வெட்டி வருவது வேறு காரணத்தால். ஆப்பில் வேகத்தை விரலால் இழுத்து 10 சதவீதத்தில் நிறுத்துவார்கள். 240-இல் பத்தில் ஒரு பங்கு 24. அதை 30-இல் ஓட்ட வேண்டும் என்றால் நான்கு படத்துக்கு ஒரு படத்தைத் திரும்பக் காட்டித்தான் ஆக வேண்டும். டீ வழுக்கிக்கொண்டு இறங்கும்போது சின்னச் சின்ன இடறல் தெரியும். 12.5 என்று எண்ணை அடித்துப் போடுங்கள், இடறல் போய்விடும். கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு இது போதும்:

```
ffmpeg -i tea.mp4 -vf "setpts=8*PTS" -r 30 -an tea_slow.mp4
```

சத்தம் போய்விடும், டீக்கடைச் சத்தம் எட்டு மடங்கு இழுத்தால் பேய்ப் படம்தான். குன்னூர்த் தம்பி, ஒன்று கேட்கிறேன். சாயங்காலமா எடுத்தீர்கள்? பின்னால் விளக்கு மினுக்கவில்லையா?

குன்னூர்க்காரன்

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணா? மெதுவாக்கிய பிறகு பார்த்தால் கடையே டிஸ்கோ மாதிரி அடிக்கிறது.

வெலிங்டன் ஸ்டுடியோ

நம் கரண்ட் 50 சுழற்சி. டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. எட்டு மடங்கு மெதுவாக்கினால் அது நொடிக்குப் பன்னிரண்டு தடவை ஆகிவிடும், அதைக் கண் விடாது. சாதாரண வீடியோவில் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வைத்துத் தப்பிக்கலாம். 240-இல் ஒரு படத்துக்கு 240-இல் ஒரு பங்கு நொடிக்கு மேல் கிடைக்காது, அதனால் அந்த வழி அடைப்பு. எடிட்டிங்கில் சரி செய்கிறேன் என்று உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும். காலையில் வெயில் கடைக்குள் விழும் நேரம் போய் மறுபடி எடுங்கள். வெளிச்சம் நிறைய இருந்தால் புள்ளி புள்ளியாக வருவதும் குறையும்.

மலை ரயில் ரசிகன்

நான் ஹில்குரோவில் மலை ரயிலை 240-இல் எடுத்தேன். யூடியூபில் சரியாகத்தான் ஏறியது, மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனால் ரயில் நின்றுகொண்டிருப்பது போல இருக்கிறது. செட்டிங் தப்பா?

வெலிங்டன் ஸ்டுடியோ

செட்டிங்கில் தப்பு இல்லை சார். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறும் வண்டி, ஏற்கெனவே ஸ்லோ மோஷன்தான். எஞ்சின் பக்கவாட்டில் நீராவி பீறிடும் இரண்டு நொடியை மட்டும் 240-இல் எடுங்கள்.

ஜான்சன் ஸ்கொயர் டீச்சர்

எனக்கு டைம்லாப்ஸில் ஒரு குழப்பம். கோடநாடு காட்சிமுனையில் விடிகாலை, கீழே மாயாறு பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. முதல் நாள் 38 நிமிடம் எடுத்தேன், 38 நொடி வீடியோ கிடைத்தது. மறுநாள் இன்னும் நீளமாக வரட்டும் என்று 45 நிமிடம் நின்றேன், குளிரில் விரல் மரத்துவிட்டது. வீடியோ 22 நொடிதான்! போன் பாதியைத் தின்றுவிட்டதா?

வெலிங்டன் ஸ்டுடியோ

ஐபோன்தானே டீச்சர்? அது அப்படித்தான் வேலை செய்யும், கெட்டுப்போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் எவ்வளவு நேரம் எடுத்தாலும் வீடியோ இருபதிலிருந்து நாற்பது நொடிக்குள் அடங்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை இரண்டு நொடிக்கு ஒரு படம். நாற்பதைத் தாண்டியதும் அதுவரை எடுத்ததில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழித்துவிட்டு, நான்கு நொடிக்கு ஒரு படமாக மாறிவிடும். அதனால்தான் ஏழு நிமிடம் அதிகம் நின்றும் நீளம் குறைந்தது, பனியும் இரட்டை வேகத்தில் கொதிக்கிற மாதிரி தெரிந்திருக்கும். நாற்பதுக்குள் நிறுத்துங்கள். இல்லையென்றால் இடைவெளியை நாமே வைக்கும் ஆப்பில் இரண்டு நொடி போடுங்கள், 45 நிமிடத்துக்கு 45 நொடி வரும்.

ஜான்சன் ஸ்கொயர் டீச்சர்

கொதிக்கிற மாதிரி! அதேதான் சார். தெங்குமரஹாடா தெரிவதற்குள் பனி பறந்துவிட்டது.

கொடைக்கானல் பனி

கோக்கர்ஸ் வாக்கில் எடுக்கும் எனக்கு வேறு துயரம். போனில் பட்டு மாதிரி இருக்கும் பனி, ஏற்றிய பிறகு கட்டம் கட்டமாக உடைகிறது. நொடிக்கு 60 வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். 30-க்கு மாற்றி, 1080-இல் எடுத்ததையே ஆப்பில் 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினேன், பாதி சரியானது. 4கே கோப்புக்கு யூடியூப் டேட்டாவைத் தாராளமாகக் கொடுக்கிறது போல. வாட்ஸப் ஸ்டேட்டஸில் மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.

கோத்தகிரி மேரி

அந்த மினுக்கல் விஷயம். எங்கள் வீட்டில் கரண்ட் போனபோது எமர்ஜென்சி லைட்டில் பையன் குளிக்கும் தண்ணீரை 240-இல் எடுத்தேன், மினுக்கவே இல்லை. பேட்டரி விளக்கு என்பதாலா?

குன்னூர்க்காரன்

அப்படித்தான் நினைத்து நானும் நேற்று கடையில் எமர்ஜென்சி லைட் வைத்து எடுத்தேன் அக்கா. முழு வெளிச்சத்தில் சுத்தமாக வந்தது. பட்டனை அழுத்தி வெளிச்சத்தைக் குறைத்ததும் மறுபடி டிஸ்கோ. வெலிங்டன் அண்ணா வந்தால் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர், வெயில் அப்போதுதான் கடைக்குள் விழுமாம்.