ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு −1.2446 ஹார்ட்ரி: பிழை உருமாற்றத்திலா, ஆர்பிட்டால் வரிசையிலா?

கெலுகோர் மாணவன் (பினாங்கு):
ஹைட்ரஜன் மூலக்கூறின் ஹாமில்டோனியனை 0.735 ஆங்ஸ்ட்ராம் பிணைப்பு நீளத்தில், STO-3G அடிப்படையில் எடுத்து, பாரிட்டி உருமாற்றத்தால் 4 கியூபிட்டுகளுக்கு மாற்றினேன். பிறகு 1, 3 ஆகிய எண்களைக் கொண்ட கியூபிட்டுகளை நீக்கி இரண்டாகக் குறைத்தேன். கிடைத்த அணியை நேரடியாகத் தீர்த்தால் மிகக் குறைந்த எலக்ட்ரான் ஆற்றல் −1.2446 ஹார்ட்ரி என வருகிறது. வர வேண்டியது −1.8573. நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை. பாரிட்டியை விட்டுவிட்டு வேறு உருமாற்றத்துக்கு மாற வேண்டுமா?

சுங்கை வே பொறியாளர் (கோலாலம்பூர்):
மாறுங்கள், பிராவி–கிதாயேவ் உருமாற்றத்துக்கே மாறுங்கள். ஜோர்டான்–விக்னர் முறையில் ஓர் எலக்ட்ரானை ஓர் ஆர்பிட்டாலிலிருந்து தொலைவிலுள்ள இன்னோர் ஆர்பிட்டாலுக்கு நகர்த்த, இடையிலுள்ள எல்லாக் கியூபிட்டுகளிலும் Z வைக்க வேண்டியிருக்கிறது. பாரிட்டி முறையில் அதே நீளம் X-களின் தொடராக வந்து சேர்கிறது. பிராவி–கிதாயேவில் மட்டுமே அந்த நீளம் மடக்கை அளவில் வளர்கிறது. 100 ஸ்பின் ஆர்பிட்டால்கள் இருந்தாலும் ஓர் இயக்கி ஏறத்தாழ 7 கியூபிட்டுகளைத்தான் தொடும். 2016-இல் கூகுள் குழுவினர் மீக்கடத்திக் கியூபிட்டுகளில் இதே ஹைட்ரஜன் மூலக்கூறைக் கணக்கிட்டபோது எடுத்துக்கொண்டதும் இந்த உருமாற்றத்தைத்தான்.

வேதியியல் ஆசிரியை (கிள்ளான்):
அடிப்படையான ஒன்றைக் கேட்கிறேன். ஹைட்ரஜன் மூலக்கூறில் இருப்பவை 2 எலக்ட்ரான்கள். எலக்ட்ரானுக்கு ஒரு கியூபிட் என்று தொடக்கத்திலேயே இரண்டு வைத்திருந்தால், நான்கில் தொடங்கிப் பிறகு குறைக்கும் வேலையே வந்திருக்காதே? ஆறாம் படிவத்தில் நீர் மூலக்கூறின் ஆர்பிட்டால் வரைபடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன்; அதற்கு 10 எலக்ட்ரான்கள், ஆகவே 10 கியூபிட்டுகள் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நிறமாலை (கோலாலம்பூர்):
ஆசிரியை அவர்களின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் தம்பியின் பிழைக்கான வழியும் அங்கேதான் இருக்கிறது. இங்கே ஒரு கியூபிட் எலக்ட்ரானைக் குறிப்பதில்லை. ஓர் எலக்ட்ரான் அமரக்கூடிய இடத்தைக் குறிக்கிறது. ஹைட்ரஜனுக்கு இந்த அடிப்படையில் σg, σu என இரண்டு ஆர்பிட்டால்கள், ஒவ்வொன்றிலும் மேல்ஸ்பின், கீழ்ஸ்பின் என இரண்டு இடங்கள், ஆக மொத்தம் நான்கு. நீர் மூலக்கூறுக்கு இதே அடிப்படையில் 7 ஆர்பிட்டால்கள், ஆகவே 14 கியூபிட்டுகள். இடம் நிரம்பியிருந்தால் 1, காலியாக இருந்தால் 0. இவ்வளவுதான் என்றால் உருமாற்றமே தேவைப்படாது. ஆனால் இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் அலைச்சார்பின் குறி மாற வேண்டும். கியூபிட்டுகளுக்கு அந்த இயல்பு தாமாக வராது. அதனால் ஓர் இடத்தில் எலக்ட்ரானைச் சேர்க்கும்போது, வரிசையில் அதற்கு முன்னால் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளன, அந்த எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று எப்படியாவது தெரிந்துகொண்டாக வேண்டும். 1928-இல் ஜோர்டானும் விக்னரும் வைத்த Z தொடர் அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறது. பாரிட்டி முறை அந்த விடையையே கியூபிட்டில் எழுதி வைத்துவிடுகிறது: j-ஆம் கியூபிட்டில் இருப்பது, 0 முதல் j வரையுள்ள இடங்களில் அமர்ந்துள்ள எலக்ட்ரான்களின் ஒற்றை–இரட்டைத் தன்மை.

இனி தம்பியின் கணக்குக்கு வருகிறேன். இடங்களை எந்த வரிசையில் அடுக்கினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் 1-ஆம் கியூபிட்டுக்குப் பொருள் வருகிறது. இரண்டு வழக்கங்கள் புழக்கத்தில் உள்ளன:

```
தொகுதி வரிசை : g↑ u↑ g↓ u↓
மாற்று வரிசை  : g↑ g↓ u↑ u↓
```

கிஸ்கிட் நேச்சர் முதல் வழக்கத்தைப் பின்பற்றுகிறது, ஓப்பன்ஃபெர்மியான் இரண்டாவதை. தொகுதி வரிசையில் 1-ஆம் கியூபிட் மேல்ஸ்பின் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. அது 1, ஒற்றை. எனவே Z-க்குப் பதிலாக −1 வைத்து அந்தக் கியூபிட்டை நீக்கலாம். மாற்று வரிசையில் அதே 1-ஆம் கியூபிட் σg-இல் எத்தனை எலக்ட்ரான்கள் என்று சொல்கிறது. அடிநிலையில் σg இரட்டையாகவும் σu இரட்டையாகவும் இருக்கும். அங்கே −1 வைத்தால், g-இல் ஒன்று, u-இல் ஒன்று என்று எலக்ட்ரான்கள் பிரிந்திருக்கும் நிலைகளை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று பொருள். −1.2446 என்பது மும்மைநிலையின் ஆற்றல். உங்கள் 4×4 அணியின் நான்கு ஐகன் மதிப்புகளையும் அச்சிட்டுப் பாருங்கள், −1.2446 மூன்று முறையும் −0.8827 ஒரு முறையும் வந்தால் காரணம் இதுவே.

சரியான வரிசையில் குறைத்தால் கிடைக்க வேண்டியது இது:

```
H = -1.0524 II + 0.3979 IZ - 0.3979 ZI - 0.0113 ZZ + 0.1809 XX
```

இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். இரு கியூபிட்டுகளும் வேறுபட்டிருக்கும் நிலைகளில் ZZ = −1; ஆகவே மையம் −1.0524 + 0.0113 = −1.0411, அதிலிருந்து இருபுறமும் 0.7959 தள்ளி இரண்டு நிலைகள். கீழே உள்ளது −1.8370, அதுவே ஹார்ட்ரி–ஃபாக் விடை. XX உறுப்பு அந்த இரண்டையும் கலக்கிறது: 0.7959, 0.1809 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.8162, −1.0411-இலிருந்து அதைக் கழித்தால் −1.8573. அணுக்கருக்களின் விலக்காற்றல் 0.7200-ஐச் சேர்த்தால் மொத்தம் −1.1373.

சுங்கை வே பொறியாளர் (கோலாலம்பூர்):
வரிசை பற்றிய விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வாதம் அப்படியே நிற்கிறது. ஹைட்ரஜன் ஒரு பயிற்சிக் கணக்கு. இரும்பு அணுவைக் கொண்ட ஒரு நொதியின் செயல்மையத்தை எடுத்தால், நீளமான தொடர்களுடன் எந்தக் கருவியிலும் சுற்றை ஓட்டி முடிக்க இயலாது.

நிறமாலை (கோலாலம்பூர்):
எல்லாக் கியூபிட்டும் எல்லாக் கியூபிட்டுடனும் இணைந்திருக்கும் கருவியில் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. அயனிப் பொறிகளில் நானும் அதைக் கருத்தில் கொள்வேன். ஆனால் இரண்டு விஷயங்களை எடை போட வேண்டும். முதலாவது, இந்த உருமாற்றங்கள் எதுவும் பவுலி உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. 4 கியூபிட்டில் ஹைட்ரஜனுக்கு எந்த முறையிலும் 15 உறுப்புகள்தான், உறுப்பின் நீளம் மட்டுமே மாறுகிறது. w கியூபிட்டுகளைத் தொடும் ஓர் உறுப்பின் அடுக்குக்குறிச் சுற்றுக்கு 2(w−1) CNOT வேண்டும். ஜோர்டான்–விக்னரில் கலக்கும் உறுப்புகள் நான்கும் 4 கியூபிட்டுகளைத் தொடுவதால் 24. பிராவி–கிதாயேவில் இரண்டு உறுப்புகள் மூன்றையும், இரண்டு நான்கையும் தொடுவதால் 20. இரண்டு கியூபிட்டுகளை நீக்கிய பிறகோ XX ஒன்றுக்கு வெறும் 2. நீங்கள் சுட்டிய 2016 சோதனையிலும் பெரும் மிச்சம் 4 கியூபிட்டுகளை 2 ஆக்கியதிலிருந்துதான் வந்தது.

இரண்டாவது, கியூபிட்டுகள் ஒரே கோட்டில் இணைந்திருக்கும் சில்லில் பிராவி–கிதாயேவின் குறுகிய உறுப்பும் தொலைதூரக் கியூபிட்டுகளைத் தொடுகிறது. அவற்றை அருகில் கொண்டுவரவே கேட்டுகள் செலவாகும். அங்கே ஆர்பிட்டால்களை அடுத்தடுத்து இடம் மாற்றிக்கொண்டே போகும் வலையமைப்புடன் ஜோர்டான்–விக்னரை ஓட்டினால் தொடர் நீளமே பிரச்சினையாவதில்லை.

சில்லுப் பரிசோதகர் (பாயான் லெப்பாஸ்):
நான் குறைக்கடத்திச் சில்லுகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன். பிழையைக் கண்டுபிடிக்க உதவும் எதையும் தூக்கியெறியக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அந்தக் கண்ணோட்டத்தில் கேட்கிறேன். ஜோர்டான்–விக்னரின் 4 கியூபிட்டுகளை அளக்கும்போது 1-கள் மொத்தம் இரண்டு இல்லையென்றால் அந்த அளவீடு கெட்டது என்று உடனே தெரிகிறது. இரண்டாகக் குறைத்த பிறகு 00, 01, 10, 11 நான்குமே சரியான எலக்ட்ரான் எண்ணிக்கையுள்ள நிலைகள். இரைச்சலால் ஒரு பிட் புரண்டாலும் கண்டுபிடிக்க வழியில்லை. 22 CNOT மிச்சம் என்பதற்காகச் சோதனையை இழக்கலாமா?

நிறமாலை (கோலாலம்பூர்):
ஹைட்ரஜனைப் பொறுத்தவரை முழுவதும் இழக்கவில்லை, ஐயா. மேலே உள்ள சமன்பாட்டைப் பாருங்கள்: ஒவ்வோர் உறுப்பும் ZZ-உடன் பரிமாறக்கூடியது. 00, 11 ஆகிய இரண்டும் g-இல் ஒன்று, u-இல் ஒன்று உள்ள நிலைகள்; சமச்சீரின்படி அடிநிலையில் அவை கலக்கவே கூடாது. ஆகவே அவை தென்பட்டால் அந்த அளவீட்டை நீக்கலாம். XX-ஐ அளக்கும் ஓட்டத்தில் தனித்தனிக் கியூபிட்டுகளைச் சுழற்றி அளந்தால் இந்தச் சோதனை தொலைந்துவிடும். இறுதியில் ஒரு CNOT சேர்த்து XX, ZZ இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்தால் அங்கேயும் அது கிடைக்கும்.

கெலுகோர் மாணவன் (பினாங்கு):
அச்சிட்டுப் பார்த்தேன், ஐயா. −1.2446 மூன்று முறை, −0.8827 ஒரு முறை. ஹாமில்டோனியனைத் தந்த நிரல்தொகுப்பு மாற்று வரிசையில் தந்திருக்கிறது. நீக்கும் என் நிரல் தொகுதி வரிசையை எதிர்பார்க்கிறது. 1-ஆம் கியூபிட்டின் குறியை மட்டும் +1 ஆக மாற்றினாலும் −1.8573 வந்துவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

நிறமாலை (கோலாலம்பூர்):
வேண்டாம், தம்பி. அப்போது உங்களிடம் மிஞ்சும் நான்கு நிலைகளில் ஒன்று எலக்ட்ரானே இல்லாதது, ஒன்று நான்கு எலக்ட்ரான்கள் உள்ளது. விடை சரியாக வருவது g, u சமச்சீர் இருப்பதால் மட்டுமே. நிரல் பிழைச் செய்தி தராததற்கும் அதுவே காரணம். லித்தியம் ஹைட்ரைடை எடுத்து, 12 ஸ்பின் ஆர்பிட்டால்களுடன் இதே நிரலை ஓட்டுங்கள். மாற்று வரிசையில் 5-ஆம் கியூபிட் முதல் மூன்று ஆர்பிட்டால்களின் எண்ணிக்கையைக் காட்டும். அந்த எண்ணிக்கை நிலையானதன்று, ஆகவே அந்த இடத்தில் X அல்லது Y உள்ள உறுப்புகள் தோன்றும். நீக்குவதற்கு முன், நீக்கப்படும் கியூபிட்டில் I அல்லது Z மட்டுமே உள்ளதா என்று எல்லா உறுப்புகளையும் சரிபார்க்கும் ஒரு வரியை இப்போதே சேர்த்துவிடுங்கள். ஹைட்ரஜனில் அந்த வரி இந்தப் பிழையைப் பிடிக்காது, லித்தியம் ஹைட்ரைடில் பிடிக்கும்.

வேதியியல் ஆசிரியை (கிள்ளான்):
நீருக்கு 14 என்றால், ஆக்சிஜனின் 1s ஆர்பிட்டாலை உறையவைத்தால் 12. மேல்ஸ்பின், மொத்த எண்ணிக்கை என்ற இரண்டையும் நீக்கினால் 10. நான் சொன்ன எண் வேறு வழியில் வந்து நிற்கிறது. மாணவர்களிடம் இனி இந்த வழியைக் காட்டுவேன்.

சில்லுப் பரிசோதகர் (பாயான் லெப்பாஸ்):
ஹைட்ரஜனுக்கு நிறமாலை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த ZZ சோதனை மூலக்கூறின் சமச்சீர் தந்தது. எந்தச் சமச்சீரும் இல்லாத ஒரு மூலக்கூறில் எலக்ட்ரான் எண்ணிக்கையின் ஒற்றை–இரட்டைத் தன்மையையும் நீக்கிவிட்டால், ஒரு பிட் புரள்வதைக் காட்டிக்கொடுக்க என்ன மிஞ்சும்? அத்தகைய மூலக்கூறுக்கு நான் இரண்டு கியூபிட்டுகளைக் கூடுதலாகவே வைத்துக்கொள்வேன்.

சுங்கை வே பொறியாளர் (கோலாலம்பூர்):
கூடுதல் கியூபிட்டுகள் கூடுதல் CNOT-களையும் கொண்டுவரும். நீங்கள் பிடிக்கும் பிழைகளில் ஒரு பகுதி அந்த CNOT-களே உண்டாக்கியதாக இருக்கும். எது அதிகம் என்பதை ஒரே சில்லில் இரண்டு வகையிலும் ஓட்டி, நீக்கிய அளவீடுகளின் விகிதத்தையும் எஞ்சிய ஆற்றல் பிழையையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.